குடும்பப் புகைப்படத்திலிருந்து படச்சீட்டு: இரு பாதிகளையும் எப்படி இணைப்பது?

குடும்பத்தினரின் முகங்களைக் கொண்டு ஒரு சீட்டுக்கட்டை வடிவமைக்க விரும்புபவர்கள், யார் ராஜா, யார் ராணி, யார் ஜாக்கி என்று முடிவுசெய்து, பிடித்த புகைப்படங்களை எடுத்துவைத்துக்கொண்டு, முகத்திலிருந்து வரையத் தொடங்குவதே வழக்கம். மேற்பாதி உருவமும் கீழ்ப்பாதி உருவமும் சீட்டின் நடுவில் சந்திக்கும் இடத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. எந்தப் புகைப்படம் பயன்படும், உடல் எந்த அளவுக்குத் தெரியும், கை எங்கே வரும், கையிலுள்ள பொருள் எந்தப் பக்கம் நிற்கும் என்பவற்றையெல்லாம் அந்த நடு இணைப்பே தீர்மானிக்கிறது. எனவே நேர்கோட்டு இணைப்பு, சாய்பட்டை இணைப்பு, பட்டையே இல்லாத பின்னல் இணைப்பு, இரு முனைகளிலும் இரு வேறு மனிதர்களை வைப்பது ஆகிய நான்கு வழிகளையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் தீர்க்க வேண்டியது: சுழற்சியா, கண்ணாடிப் பிம்பமா

ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய படச்சீட்டுகளில் ஒரு காலத்தில் தலை முதல் கால் வரை ஒரே உருவம்தான் இருந்தது. கையில் தலைகீழாக வந்த படச்சீட்டைத் திருப்பிப் பிடிக்கும் ஆட்டக்காரர், தன்னிடம் படச்சீட்டு இருப்பதைத் தன்னை அறியாமல் எதிராளிக்குக் காட்டிவிடுவார். 19ஆம் நூற்றாண்டில் இருமுனை உருவங்கள் பரவலானபோது இந்தக் குறை நீங்கியது. ஆகவே இருமுனை அமைப்பின் நோக்கம் ஒன்றே ஒன்று: சீட்டை எப்படிப் பிடித்தாலும் ஒரே படம் தெரிய வேண்டும். இந்த நோக்கத்தை மனத்தில் வைத்தால், கீழ்ப்பாதி என்பது மேற்பாதியைச் சீட்டின் மையத்தைச் சுற்றி 180 பாகை சுழற்றிய நகலாகத்தான் இருக்க முடியும்.

ஆனால் முதன்முறை முயல்பவர்களில் பலர், நீரில் தெரியும் பிம்பத்தைப் போல மேற்பாதியைச் செங்குத்தாகக் கவிழ்த்துவிடுகிறார்கள். அதற்கு ஒரு காரணமும் உண்டு: அப்படிக் கவிழ்த்தால் நடுக்கோட்டில் எல்லாம் தானாகவே பொருந்திவிடும். இடத்தோளின் விளிம்பு இடத்தோளின் விளிம்பையே சந்திக்கும். சட்டையின் கோடுகள் முறியாமல் தொடரும். கெடுதல் பின்னால் தெரியவரும். அந்தச் சீட்டைத் திருப்பிப் பிடித்தால் முகம் இடவலமாக மாறியிருக்கும்; வகிடு மறுபக்கம் போயிருக்கும்; வலக்கன்னத்து மச்சம் இடக்கன்னத்தில் இருக்கும். கற்பனை ராஜாவுக்கு இது பெரிய குறையன்று. ஆனால் ஒரு முகத்தைப் பல்லாண்டுகளாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இடவலம் மாறிய முகம் வேறு ஒருவருடையதாகத் தோன்றும். மூலையில் உள்ள எழுத்தையும் சேர்த்துக் கவிழ்த்திருந்தால் அதுவும் இடவலம் மாறி நிற்கும். குடும்ப முகங்களைப் பொறுத்தவரை சுழற்சியைத் தவிர வேறு தேர்வு இல்லை என்றே சொல்வேன்.

சுழற்சியைத் தேர்ந்தவுடன் நடுக்கோட்டில் ஒரு புதிய சிக்கல் பிறக்கிறது. மையத்திலிருந்து இடப்பக்கம் 10 மி.மீ. தள்ளி இருக்கும் புள்ளி, கீழ்ப்பாதியில் தன்னையே சந்திப்பதில்லை. வலப்பக்கம் 10 மி.மீ. தள்ளி இருந்த புள்ளியைத்தான் சந்திக்கிறது. அதாவது உருவத்தின் இட விளிம்பு அதன் வல விளிம்போடு பொருந்த வேண்டும். நேராக நிமிர்ந்து கேமராவைப் பார்க்கும் உடலில் இது எளிதாக நடக்கும். சற்றே திரும்பி உட்கார்ந்திருக்கும் உடலில் நடக்காது. குடும்பப் புகைப்படங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதால், கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தப் பொருத்தத்தைச் சுற்றியே அமைகிறது.

சீட்டில் உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது

வழக்கமான போக்கர் அளவுச் சீட்டு ஏறக்குறைய 63 மி.மீ. அகலமும் 88 மி.மீ. உயரமும் கொண்டது. ஒரு பாதிக்கு 44 மி.மீ.; விளிம்பில் 6 மி.மீ. வெற்றிடம் விட்டால் 38 மி.மீ. மிஞ்சும். இதில் கிரீடத்துக்கு 7, நெற்றி முதல் மோவாய் வரை முகத்துக்கு 13, கழுத்துக்கு 3 என்று ஒதுக்கினால் தோளுக்கும் மார்புக்கும் 15 மி.மீ. கிடைக்கும். முகத்தை 13 மி.மீ.க்குக் குறைவாக வரைந்தால் அடையாளம் மங்கத் தொடங்கும் என்பதால், இந்த ஒதுக்கீட்டில் அதிக விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு முக்கியமான உண்மை வெளிப்படுகிறது. முகம் 13 மி.மீ. என்றால் அதே விகிதத்தில் தோள் ஏறக்குறைய 30 மி.மீ. அகலம் இருக்கும், மார்புக்குக் கிடைக்கும் 15 மி.மீ. என்பது நிஜ உடலில் ஏறத்தாழ 20 செ.மீ. ஆகவே இரு பாதிகளும் சந்திப்பது இடுப்பில் அன்று, அக்குளுக்குச் சற்றுக் கீழே மார்பில்தான். மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் புகைப்படத்திலிருந்து கை கிடைக்கவே கிடைக்காது. கையும் அதிலுள்ள பொருளும் வேண்டுமென்றால், வீட்டில் யாராவது ஒருவர் அந்தப் பொருளை மார்பருகே பிடித்தபடி நிற்க, அந்தக் கையைத் தனியாகப் படம் எடுத்து அதைப் பார்த்து வரைய வேண்டும். முகம் ஒருவருடையதாகவும் கை இன்னொருவருடையதாகவும் இருப்பதில் தவறில்லை. வயதும் பருமனும் ஓரளவு ஒத்திருந்தால் போதும்.

முகத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 13 மி.மீ. முகத்தில் ஒரு கண்ணின் அகலம் 2 மி.மீ.க்குச் சற்று அதிகம். கால் மில்லிமீட்டருக்கும் மெலிந்த கோடுகள் அச்சில் நம்பத்தக்கபடி நிற்பதில்லை. எனவே புகைப்படத்தின் ஒளிநிழலை அப்படியே வைத்துக்கொள்வதைவிட, அடையாளத்தைத் தாங்கும் சில வடிவங்களை மட்டும் எடுத்து, நிழலற்ற தட்டையான நிறங்களில் வரைவதே மேல். முடியின் எல்லைக்கோடு, புருவத்தின் சாய்வு, மூக்குக்கண்ணாடி, மீசை, காது ஆகியவையே ஒருவரைக் காட்டிக்கொடுக்கின்றன, சுருக்கங்கள் காட்டிக்கொடுப்பதில்லை. சிரிக்கும் வாயில் பற்களைத் தனித்தனியாகப் பிரித்து வரைந்தால் முகம் பத்து வயது கூடித் தெரியும். ஒரே வெள்ளைப் பட்டையாக விட்டுவிட வேண்டும். ஒளிநிழலைத் தவிர்ப்பதற்கு இணைப்பு சார்ந்த காரணமும் உண்டு: இடப்பக்கம் வெளிச்சமும் வலப்பக்கம் நிழலுமாக உள்ள மார்பைச் சுழற்றினால், நடுக்கோட்டில் வெளிச்சம் நிழலோடு மோதி ஒரு வெட்டுக்காயம் போன்ற கோடு உருவாகும்.

நான்கு வழிகள்

நேர்கோட்டு இணைப்பு என்பது சீட்டின் நடுவில் கிடைக்கோடு ஒன்றையோ 4, 5 மி.மீ. அகலமுள்ள கிடைப்பட்டை ஒன்றையோ வைப்பது. செய்வதற்கு மிகவும் எளிது; பன்னிரண்டு படச்சீட்டுகளிலும் ஒரே பட்டையை வைக்கலாம்; குடும்பப் பெயரையோ ஒரு சிறு பூவேலையையோ அதில் சேர்க்கலாம். எழுத்தைச் சேர்ப்பதாக இருந்தால் அதுவும் சுழற்சிக்கு உட்பட வேண்டும். பட்டையின் இடப்பாதியில் நேராகவும் வலப்பாதியில் தலைகீழாகவும் இரு முறை எழுத வேண்டிவரும். இதன் குறை என்னவென்றால், உடல் மையத்தில் சமமாக நிற்காவிட்டால் பட்டையின் மேலும் கீழும் விளிம்புகள் விலகி, இருவர் ஒரு வேலிக்கு இருபுறமும் நிற்பதுபோல் தெரியும். எல்லாப் புகைப்படங்களும் நேர்முகமாக இருந்தால் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். புதிதாகப் படம் எடுக்கும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தும். மறைந்தவர்களின் பழைய படங்களை நம்பியிருப்பவர்களுக்குப் பொருந்தாது.

சாய்பட்டை இணைப்பில் கோடு மையத்தின் வழியாகச் சாய்வாகச் செல்கிறது. மையத்தின் வழியாகச் செல்லும் எந்த நேர்கோடும் 180 பாகைச் சுழற்சியில் தன்மேலேயே விழும் என்பதால் எந்தச் சாய்வையும் தேர்ந்தெடுக்கலாம். பிரெஞ்சு மரபுச் சீட்டுகளில் இந்தச் சாய்ந்த பிரிவைக் காணலாம். அந்த மரபில் ஒவ்வொரு படச்சீட்டின் ஓரத்திலும் ஒரு பெயர் அச்சிடப்பட்டிருக்கும் என்பதும் நம் வேலைக்கு நல்ல முன்னுதாரணம்: ஹார்ட்டின் ராஜா சார்ல்ஸ், ஸ்பேட் ராஜா டேவிட், ஹார்ட்டின் ராணி ஜூடித் என்று. குடும்பத்தினரின் பெயரை அதேபோல் சட்டத்தின் ஓரமாக, இணைப்பைத் தொடாத இடத்தில் வைக்கலாம்.

சாய்பட்டையின் உண்மையான பயன் அழகு அன்று, இடம். கிடைக்கோட்டிலிருந்து 30 பாகை சாய்த்தால், மையத்திலிருந்து 14 மி.மீ. தள்ளிய இடத்தில் கோடு ஒருபுறம் 8 மி.மீ. கீழிறங்கும், மறுபுறம் 8 மி.மீ. மேலேறும். அதாவது ஒரு பக்கத்தில் மார்புக்கு 15க்குப் பதில் 23 மி.மீ. கிடைக்கிறது, மறுபக்கத்தில் 7 மட்டுமே. கிடைத்த பக்கத்தில் கையையும் பொருளையும் வைக்கலாம். உடல் திரும்பியிருக்கும் புகைப்படத்தில் ஒரு தோள் முன்னே பெரிதாகவும் மற்றது பின்னே சிறிதாகவும் இருக்கும். பெரிய தோளை ஆழமான பக்கத்தில் வைத்தால் சாய்வு உடலின் திருப்பத்தோடு இயல்பாகவே ஒத்துப்போகிறது. 6 மி.மீ. அகலப் பட்டை, அதன் கீழே நடக்கும் சின்னஞ்சிறு பொருத்தமின்மைகளை மறைத்துவிடுகிறது.

பட்டை இல்லாத பின்னல் இணைப்பில் உடையே உருமாறி மறுபாதியின் உடையாகிறது. இங்கிலாந்து மரபுச் சீட்டுகள் ஏறக்குறைய இப்படித்தான் அமைந்தவை. உடையின் பட்டைகளும் கட்டங்களும் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்வதால் எங்கே ஒருவர் முடிந்து மற்றவர் தொடங்குகிறார் என்று கண் தேடுவதில்லை. மிகவும் அழகிய வழி இதுவே. ஆனால் அந்த உடைகள் நூற்றாண்டுகளாக நகலெடுக்கப்பட்டு, உடை என்ற நிலையிலிருந்து வெறும் கோலம் என்ற நிலைக்கு வந்துவிட்டவை. புகைப்படத்திலுள்ள உடையை வைத்து இதைச் செய்ய முடியாது. முகத்தை மட்டும் புகைப்படத்திலிருந்து எடுத்து, கழுத்துக்குக் கீழே முழுவதையும் புதிதாக வரைய வேண்டும். வரையத் தெரிந்தவர்கள் தயங்காமல் இதற்குச் செல்லலாம். அப்பா எப்போதும் அணிந்த கட்டம் போட்ட சட்டை, அத்தையின் அந்த ஒரே சால்வை என உடையும் நினைவின் பகுதியாக இருக்க வேண்டும் என்று கருதுபவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

நான்காவது வழி, ஒரு முனையில் ஒருவரையும் மறுமுனையில் இன்னொருவரையும் வைப்பது. தாத்தாவும் பாட்டியும், இளமையும் முதுமையும் என்று எண்ணம் கவர்ச்சியாகவே தோன்றும். முகங்கள் அதிகம் இருந்து இடம் பன்னிரண்டே இருக்கும்போது ஆசை கூடும். ஆட்ட விதிப்படி இதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் ஒரே சீட்டு ஒரு முறை ஒரு முகமாகவும் மறுமுறை வேறு முகமாகவும் கைக்கு வரும்போது, முகத்தைக் கண்டவுடன் சீட்டை அறியும் பழக்கம் உருவாவதே இல்லை; ஆட்டக்காரர் மூலையில் உள்ள எழுத்தையே நம்ப வேண்டிவரும். இருமுனை அமைப்பு எதற்காகத் தோன்றியதோ அந்தப் பயனை இது பாதியாக்குகிறது. இளமையையும் முதுமையையும் காட்ட விரும்பினால், ஹார்ட், ஸ்பேட் போன்ற ஏதேனும் ஒரே இனத்தில் அவரை ஜாக்கியாகவும் ராஜாவாகவும் இரு சீட்டுகளில் வைப்பது இதைவிடத் தெளிவானது. விளையாடுவதற்காக அல்லாமல் சட்டமிட்டு வைப்பதற்காகச் செய்யும் கட்டுக்கு மட்டும் இந்த வழியை ஒப்புக்கொள்வேன்.

ஒரு பாட்டியின் படத்தை வைத்து

கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாட்டி நம் பார்வைக்கு இடப்புறமாகச் சற்றே திரும்பி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், முகம் முக்கால் பங்கு தெரிகிறது, மூக்குக்கண்ணாடி உண்டு, கைகள் மடியில் இருக்கின்றன. தையல் வேலை செய்தவர் என்பதால் அவருக்குரிய பொருளாகக் கத்தரிக்கோலைத் தேர்ந்து, அவரை டைமன் ராணியாக்க முடிவுசெய்கிறோம். படத்தை மேலே சொன்ன விகிதத்துக்குச் சுருக்கி, முகத்தின் நடுவைச் சீட்டின் நடுச்செங்கோட்டில் வைத்துப் பார்த்தால், சீட்டின் நடுக்கிடைக்கோட்டில் அவருடைய உடல் இடப்பக்கம் 11 மி.மீ. வரையும் வலப்பக்கம் 17 மி.மீ. வரையும் பரவியிருக்கிறது. சுழற்றிய பாதியில் இது நேர்மாறாகும்: இடப்பக்கம் 17, வலப்பக்கம் 11. இரு பக்கமும் 6 மி.மீ. படிக்கட்டு தோன்றும்.

முகத்தைவிட உடலே மையத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தீர்வு. முழு உருவத்தையும் 3 மி.மீ. இடப்பக்கம் நகர்த்தினால் உடல் இருபுறமும் 14, 14 என்று சமமாகும். முகத்தின் நடு மையத்திலிருந்து 3 மி.மீ. இடப்பக்கம் போய்விடும். இது குறையாகத் தெரியாது. மேல் முகம் சற்று இடப்பக்கமும் கீழ் முகம் சற்று வலப்பக்கமும் நிற்பதால் சீட்டுக்கு ஓர் இயக்கம் கிடைக்கிறது. மேல் வலப்பக்கத்தில் வெற்றிடமும் உண்டாகிறது. அடுத்து, நடுக்கோட்டை நெருங்கும் கடைசி சில மில்லிமீட்டர்களில் உடலின் வெளிக்கோடுகளை இருபுறமும் செங்குத்தாக்க வேண்டும். அவை சாய்ந்தபடியே கோட்டைத் தொட்டால், இடம் பொருந்தினாலும் திசை பொருந்தாமல் ஒரு முழங்கை போன்ற மடிப்பு தெரியும்.

வெளிவிளிம்பு இப்போது சரியாகிவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் கோடுகள் சரியாகவில்லை. பாட்டியின் மேலாடையின் நடு விளிம்பு, உடல் திரும்பியிருப்பதால், மையத்திலிருந்து 5 மி.மீ. இடப்பக்கம் வந்து நடுக்கோட்டைத் தொடுகிறது. கீழ்ப்பாதியில் அது 5 மி.மீ. வலப்பக்கத்தில் தொடங்கும். ஒரு கோடு 10 மி.மீ. தாவுவதை நேர்ப்பட்டையால் மறைக்க முடியாது. பட்டைக்கு மேலும் கீழும் அது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். சாய்பட்டையை இடமேலிருந்து வலக்கீழாக 30 பாகையில் வைத்தால், இடப்பக்கத்தில் பட்டை மேலேறியிருப்பதால் அந்த விளிம்பு சீக்கிரமே பட்டைக்குள் நுழைந்து முடிந்துவிடுகிறது. அது தொடர வேண்டும் என்று கண் எதிர்பார்ப்பதில்லை. வலப்பக்கம் கிடைத்த ஆழத்தில், தனியாகப் படமெடுத்த கையை வரைந்து, கத்தரிக்கோலின் முனை மேல்நோக்கி முன்பு கிடைத்த வெற்றிடத்துக்குள் செல்லும்படி வைக்கலாம். இந்த ஒரு சீட்டுக்குச் சாய்பட்டையே விடை என்பதில் எனக்கு ஐயமில்லை. இதே நிலைமை பெரும்பாலான பழைய படங்களிலும் திரும்பத் திரும்ப வரும்.

கணினியில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் மேற்பாதி முழுவதையும் ஒரு குழுவாக்கி, `Edit > Clone > Create Clone` மூலம் நகல் எடுத்து, அதைச் சீட்டின் மையத்தைச் சுற்றி 180 பாகை திருப்பினால், மேற்பாதியில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் உடனே கீழ்ப்பாதியிலும் தெரியும். இணைப்பைப் பார்த்துக்கொண்டே உடலை நகர்த்த முடியும். குழுவின் உள்ளே சென்று நகர்த்த வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. குழுவையே இழுத்தால் நகலும் அதே திசையில் நகர்ந்து மையம் கெட்டுவிடும்.

எளிய சின்னம் எங்கே நிற்க வேண்டும்

மரபுச் சீட்டுகளில் ராணிகளின் கையில் பூ, டைமன் ராஜாவிடம் கோடரி, மற்ற ராஜாக்களிடம் வாள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொருள் இருக்கிறது. குடும்பச் சீட்டிலும் ஒருவருக்கு ஒரு பொருள் போதும். அவருடைய தொழில், விருப்பம், குணம் எல்லாவற்றையும் சேர்க்க முயன்றால் ஒன்றுமே படிக்க முடியாமல் போகும். வெளிவடிவத்தை மட்டும் கருப்பாக நிரப்பி, 10 மி.மீ. உயரத்தில் அச்சிட்டு, முழுக்கை தூரத்தில் பிடித்துப் பார்த்தால் இன்ன பொருள் என்று தெரிய வேண்டும். கத்தரிக்கோல், சாவி, மூக்குக்கண்ணாடி, கரண்டி ஆகியவை இந்தச் சோதனையில் தேறும். புத்தகம் பெரும்பாலும் வெறும் பெட்டியாகத் தெரியும், அதைத் திறந்த நிலையில் வரைய வேண்டும்.

விசிறிபோல் விரித்துப் பிடித்த கையில் ஒவ்வொரு சீட்டின் இட ஓரம் மட்டுமே வெளியே தெரிகிறது. அங்கே எழுத்தும் இனக்குறியும் இருக்கின்றன. முகத்தின் ஓரம் தெரியும். வலப்பக்கம் வைத்த கத்தரிக்கோல் தெரியாது. ஆகவே பொருளின் மிகச் சிறிய வடிவம் ஒன்றை, 4 மி.மீ. அளவில், இனக்குறிக்குக் கீழே இட ஓரத்திலும் வைப்பதை நான் விரும்புகிறேன். சுழற்சியில் அது வலக்கீழ் மூலைக்கும் தானாகவே சென்றுவிடும்.

என் தேர்வு

பன்னிரண்டு சீட்டுகளுக்கும் ஒரே இணைப்பு முறை வேண்டும். ஒன்றில் நேர்ப்பட்டையும் மற்றொன்றில் சாய்பட்டையும் இருந்தால் அவை ஒரே கட்டைச் சேர்ந்தவையாகத் தெரியாது. மேலே சொன்ன காரணங்களால், பழைய படங்களும் புதிய படங்களும் கலந்திருக்கும் கட்டுக்குச் சாய்பட்டையையே தேர்ந்தெடுப்பேன். சாய்வின் திசையும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படியானால் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும் உடல்களுக்கு இந்தச் சாய்வு பொருந்தாது. அவர்களுடைய படத்தை இடவலம் மாற்றிக்கொள்ளும் ஆசை எழும். முகத்தைப் பற்றி முன்பு சொன்ன காரணத்தால் அதைச் செய்யக் கூடாது. அந்த நபருக்கு வேறு படம் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அவருடைய முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உடலை மற்றொரு சீட்டின் உடலிலிருந்து எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வரைந்து முடிக்கும் முன்பே, மிகவும் கடினமான மூன்று படங்களை மட்டும் இணைப்பு வரை செய்து, சாதாரணத் தாளில் நிஜ அளவில் அச்சிட்டு வெட்டி, வேறு சீட்டுகளோடு சேர்த்துக் கையில் விரித்துப் பார்க்க வேண்டும். பின்பு ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பி, திரும்பியதா இல்லையா என்று உடன் இருப்பவரைக் கேட்க வேண்டும். சொல்ல முடிகிறது என்றால் பட்டை மையத்தில் இல்லை, அல்லது சுழற்றுவதற்குப் பதிலாகக் கவிழ்த்திருக்கிறோம். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது வெட்டுக்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு, 69 × 94 மி.மீ. அளவில், 300 டிபிஐ தரத்தில் 815 × 1110 பிக்சல் கொண்ட கோப்பாகக் கொடுக்கலாம். வெட்டு அரை மில்லிமீட்டர் விலகினாலும் சீட்டின் மையம் விலகும். அதனால் சட்டக்கோட்டை விளிம்புக்கு மிக அருகில் வைக்காமல் இருப்பதும், சீட்டின் பின்புறக் கோலத்தையும் இதே 180 பாகைச் சுழற்சிக்கு உட்படுத்துவதும் அவசியம். பின்புறம் திசை காட்டினால், எந்தச் சீட்டு திரும்பியிருக்கிறது என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.